‘எந்த ஊரும்மா?’ — மெடிக்கல் கவுண்டரில் கேட்கத் தேவையில்லாத கேள்வி

மொரப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. திருப்பூரில் மில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த 22 வயதுத் தோழி ஒருவர் மெடிக்கலுக்குப் போய் அவசர கருத்தடை மாத்திரை கேட்டார். முந்தைய இரவு பதினோரு மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. கவுண்டரில் நடந்தது இதுதான்.

“யாருக்கு?”

“எனக்குத்தாண்ணா.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

பதில் இல்லை.

“எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பொண்ணு?”

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “டாக்டர் சீட்டு இருந்தா வா. அதெல்லாம் நம்ம கடையில வர்றதில்ல.” இரண்டாவது கடையிலும் அதே பதில். மாலையில் டீக்கடையில் அவர் மாமாவிடம், “என்ன, வீட்டுப் புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஒருவர் விசாரித்திருக்கிறார். தோழி காலனியைச் சேர்ந்தவர். காதலன் ஊர்த் தெருவைச் சேர்ந்தவர். (அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியே எழுதுகிறோம்.)

“எந்த ஊர், யார் வீடு” என்பது நம் பகுதியில் வெறும் முகவரி விசாரணை அல்ல என்று இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதியை வாய்விட்டுக் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வழி அது. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி காலனிகளைக் கொளுத்திய மாவட்டம் இது. அடுத்த ஜூலையில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். இங்கே ஒரு கடைக்காரரின் வாய் தவறினால் போவது மானம் மட்டுமல்ல.

அந்தக் கேள்விகளில் எதற்கும் மருந்தோடு சம்பந்தமில்லை. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அவசர கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005லேயே அனுமதித்துவிட்டது. வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டிய ‘எச்1’ பட்டியலிலும் இது இல்லை. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகள் இதை வாங்கி வைப்பதில்லை. தடை எதுவும் இல்லை, பயம்தான்.

அந்தப் பயத்துக்கு நம் மாவட்டத்தில் ஒரு காரணம் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மண் இது. சட்டவிரோதமாக ஸ்கேன் செய்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் இங்கே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அதனால் கருக்கலைப்பு மாத்திரை விற்கும் கடைகள் மீது ரெய்டு வரும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, எதற்கு வம்பு என்று கைகழுவிவிடுகிறார். ஆனால் கருக்கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். லெவோனார்ஜெஸ்ட்ரல் சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதைக் கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. உறவுக்கு மூன்று நாளுக்குள் போடுகிற மாத்திரை இது. ஸ்கேனில் பாலினம் தெரிய மாதக்கணக்காகும். பெண் கருவைக் காப்பாற்ற என்று சொல்லி இந்த மாத்திரையை மறுத்தால், வேண்டாத கர்ப்பத்தை உண்டாக்கி அந்தப் பெண்ணை அதே கும்பலின் வாசலுக்கு அனுப்புவதாகத்தான் முடியும்.

அந்தக் கவுண்டரில் என்ன பேசியிருக்க வேண்டும்? மருந்தாளுநராக இருக்கும் தோழர் ஒருவரிடம் கேட்டோம். “நாலு கேள்வி போதும். கவுண்டர் ஓரமா கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டா ரெண்டு நிமிஷம்” என்றார்.

முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் ஆச்சு? நம் தோழிக்குப் பதினோரு மணி நேரம். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று பெட்டியில் இருப்பதை, மூன்று நாள் பொறுக்கலாம் என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். முட்டை வெளிவந்துவிட்ட பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பயனில்லை. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அடுத்து, கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது, சரியான நாளில் வந்ததா? நாள் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தால் முதலில் சிறுநீர்ச் சோதனை அட்டை.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிபிக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டிபி மருந்தான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவையும் இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். நெருக்கடியான விடுதி அறைகளில் தங்கி வேலை செய்யும் நம் பெண்களுக்கு டிபி ஒன்றும் தூரத்து நோயல்ல. இவர்களுக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதே அவர்களுக்கு நல்ல வழி. அதற்கு அரூர் அரசு மருத்துவமனைக்கோ தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகச் சொல்ல வேண்டும்.

நாலாவது கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்க வேண்டும்: “உங்க விருப்பத்தோடதானே நடந்தது? யாராவது பயமுறுத்தினாங்களா?” அவர் தலைகுனிந்தால் தோண்டக் கூடாது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, 181 என்ற எண்ணைத் தாளில் எழுதித் தரலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக முதல் சிகிச்சை தந்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதையும் சொல்லலாம்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். மாதவிலக்கு சில நாள் முன்னே பின்னே வரலாம், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சோதிக்க வேண்டும். நேற்றைய உறவுக்குத்தான் இது, நாளைய உறவுக்கு உதவாது. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, இனிமேல் வரும் என்பதால் ஆணுறையை விடக் கூடாது. பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது வெறும் வதந்தி.

நம் தோழிக்கு இதில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. மதியம் எங்களை அழைத்தார். ஞாயிறு என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகள் பிரிவு இல்லை. அவசரம் என்று சொல்லி அரூருக்கே போய்ப் பார்த்திருக்கலாம், எங்களுக்கு அது அப்போது தோன்றவில்லை. எங்கள் தவறு அது. பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் அங்கே ஒரு கடையில் கேள்வியே இல்லாமல் வாங்கி, திங்கள் இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தார். 46வது மணி நேரம். பதினோராவது மணி நேரத்தில் போட்டிருக்க வேண்டிய மாத்திரை.

மாதவிலக்கு நான்கு நாள் தள்ளி வந்தது. அந்த நான்கு நாளும் தினம் இரண்டு முறை எங்களுக்கு ஃபோன் வந்தது. டீக்கடைப் பேச்சு வீட்டுக்கு வந்துசேருமுன் திருப்பூருக்குப் போய்விட வேண்டும் என்று விடுமுறையை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ‘ஈஸி பில்’ என்ற பெயரில் இதே மாத்திரை தேசிய குடும்பநலத் திட்டத்தில் இலவசமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதி நிலையத்தில் அது இருப்பில் இருக்கிறதா, ஞாயிறன்று யார் தருவார்கள் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள் தோழர்களே. இல்லையென்றால் எழுத்தில் பதில் வாங்கி எங்களுக்கு அனுப்புங்கள். மெடிக்கல்களிலும் கேளுங்கள். ஆண் தோழர்கள் போய்க் கேட்டுப் பாருங்கள், உங்களிடம் “எந்த ஊர்” என்று கேட்கிறார்களா என்று.