சதுர அடிக்கு 1,200 ரூபாய்

போன ஞாயிறு மாலை, எங்கள் குடியிருப்பின் தரைத்தள பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பொதுக்குழு கூடியது. சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் நான் பேச வேண்டியிருந்தது ஒரே விஷயம்: கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையை 3.6 கோடி ரூபாயிலிருந்து 7.5 கோடியாக உயர்த்த வேண்டும். சொல்லி முடிக்கும் முன்பே இரண்டாம் மாடிப் பெரியவர் எழுந்துவிட்டார். "இருபது வருஷத்துக் கட்டடம் சார். வருஷா வருஷம் மதிப்பு இறங்கத்தானே செய்யும்? நீங்க இரண்டு மடங்கா ஏத்தச் சொல்றீங்களே?"

நியாயமான கேள்வி. பழைய காரை இன்ஷூர் செய்யும்போது ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் எங்கள் கட்டடப் பாலிசி எழுதப்பட்டிருப்பது மறுகட்டுமான மதிப்பில். அதாவது, இந்தக் கட்டடத்தை இன்றைய கூலியிலும் இன்றைய சிமென்ட், கம்பி விலையிலும் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் கணக்கு. கட்டடம் பழசாக ஆக அந்தச் செலவு ஏறுமே தவிர இறங்காது. வீட்டை விற்றால் கிடைக்கும் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சென்னையில் ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்துக்குப் போகிறது. தீயோ வெள்ளமோ வந்தால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை யாரும் இன்ஷூர் செய்வதில்லை.

எங்கள் கணக்கு எளிது. 24 வீடுகள், படிக்கட்டு, லிஃப்ட் அறை, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 30,000 சதுர அடி. 2013-ல் அப்போதைய நிர்வாகிகள் சதுர அடிக்கு 1,200 ரூபாய் என்று போட்டு 3.6 கோடி எழுதினார்கள். அன்றைக்கு அது தவறில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் அதே தாளைப் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். போன மாதம் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். இதே தரத்தில் இன்று கட்ட, சதுர அடிக்கு 2,500 ரூபாய்க்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் 7.5 கோடி வந்தது.

"கட்டடம் முழுசா இடிஞ்சு விழவா போகுது? 3.6 கோடிக்கு மேல நஷ்டம் எப்படி வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். பெரும்பாலான சங்கங்கள் தொகையைத் தொடாமல் விடுவது இந்த எண்ணத்தில்தான். பாலிசியின் நிபந்தனைகளில் சராசரி விதி என்று ஒன்று இருப்பது பலருக்கும் தெரியாது. சொத்தின் முழு மதிப்புக்குக் குறைவாக இன்ஷூர் செய்திருந்தால், குறைந்த பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்கிறது அந்த விதி. நஷ்டம் சின்னதாக இருந்தாலும் அதே விகிதத்தில்தான் பணம் வரும்.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் நஷ்ட மதிப்பீட்டு சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் பலகையில் அவரே எழுதிக் காட்டினார். மின் மீட்டர் அறையில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் போர்டு, மேலே ஏறும் கேபிள்கள், கரியாகிப்போன படிக்கட்டுச் சுவர், லிஃப்டின் கன்ட்ரோல் பேனல் எல்லாவற்றையும் சரிசெய்ய 18 லட்ச ரூபாய். சர்வேயர் வந்து நஷ்டத்தை மட்டும் அளப்பதில்லை; முழுக் கட்டடத்தின் மறுகட்டுமான மதிப்பையும் போட்டுப் பார்ப்பார். 7.5 கோடி மதிப்புக்கு 3.6 கோடிதான் எழுதியிருக்கிறோம்; 48 சதவீதம். ஆகவே 18 லட்சத்தில் கிடைப்பது 8 லட்சத்து 64 ஆயிரம். அதிலும் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு தனி. மீதி 9 லட்சத்து 36 ஆயிரத்தை 24 வீடுகள் பிரித்துக்கொண்டால், வீட்டுக்கு 39,000 ரூபாய்.

கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான். தேய்மானம் கழித்துச் சந்தை மதிப்பில் பாலிசி எடுத்தால் ஆகாதா என்று பெரியவர் திரும்பவும் கேட்டார். எடுக்கலாம். அப்போது நஷ்ட ஈட்டிலும் தேய்மானத்தைக் கழிப்பார்கள். எரிந்துபோன பழைய கேபிளுக்குப் பழைய கேபிளின் மதிப்புதான் வரும். கடையில் கிடைப்பதோ புதுக் கேபிள்.

அந்தத் தம்பி விவரம் தெரிந்தவர். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் சராசரி விதிப்படியான கழிவு கிடையாதே, அதற்கு மாறிவிடலாமே என்றார். உண்மைதான், அதில் குறைக்காப்பீட்டுக்காக நஷ்ட ஈட்டை வெட்டுவதில்லை. எங்களிடம் இருப்பது அந்த வகைப் பாலிசி அல்ல. புதுப்பிக்கும்போது அதற்கும் விலைப்புள்ளி கேட்பதென்று முடிவு செய்தோம். ஆனாலும் எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு ரூபாயும் வராது. எந்தப் பாலிசியானாலும் சதுர அடிக்கு 1,200 ரூபாயில் நிற்க முடியாது.

எதையெல்லாம் சேர்ப்பது என்பதில்தான் நேரம் போனது. மதில் சுவர், சம்ப், மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட், மோட்டார்கள், ஜெனரேட்டர் எல்லாம் தொகைக்குள் வர வேண்டும். பாலிசியில் பெயர் சொல்லி எழுதவும் வேண்டும். எங்கள் பார்க்கிங் தூண்களில் 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் பழுப்பாகத் தெரிகிறது. என் இடுப்புக்கு மேல் நிற்கிறது அந்தக் கோடு. அன்று லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கி, இரண்டு மோட்டார்கள் போயின. பாலிசியில் 'கட்டடம்' என்று மட்டும் இருந்ததால் மோட்டார்களுக்குப் பணம் வரவில்லை. மாடுலர் கிச்சன், அலமாரி, டிவி போன்றவை அவரவர் பொறுப்பு. அவற்றுக்குத் தனியாக வீட்டுப்பொருள் காப்பீடு வேண்டும். வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி இருக்கிறதே என்றார் முதல் மாடி அம்மா. அது அவருடைய வீட்டுக்கு. மீட்டர் அறைக்கும் படிக்கட்டுக்கும் அதை நம்பி இருக்க முடியாது.

கூடுதல் பிரீமியம் எவ்வளவு? முகவர் கொடுத்த கணக்குப்படி, கூடுதலான 3.9 கோடிக்கு ஆண்டுக்கு 10,920 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 12,886. வீட்டுக்கு 537 ரூபாய். இதைக் கூட்ட அழைப்பிதழிலேயே போட்டிருக்க வேண்டும் என்று சர்வேயர் சார் கடிந்துகொண்டார். அவர் சொன்னது சரி. தொகையை மட்டும் அச்சிட்டு, செலவை அச்சிடாமல் விட்டதால்தான் பாதிப் பேர் பயந்துகொண்டு வந்திருந்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளரை வைத்து மறுமதிப்பீடு செய்வது, இடையில் ஆண்டுதோறும் தொகையை உயர்த்துவது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொண்டோம்.

நீங்களும் அடுக்குமாடியில் இருந்தால், இந்த வாரமே சங்கச் செயலாளரிடம் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கு எழுதியிருக்கும் தொகையை மொத்தச் சதுர அடியால் வகுங்கள். வரும் ரூபாய்க்கு இன்று ஒரு சதுர அடி கட்டித் தர முடியுமா என்று தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கேளுங்கள்.