காணாமல் போன எல்லைக்கல்லை ஜி.பி.எஸ் கருவி காட்டிக் கொடுக்குமா?

கேள்வி: ‘‘எங்கள் தோட்டத்தின் வடகிழக்கு மூலைக்கல் இருந்த இடத்தை இரண்டு வருடத்துக்கு முன்பு கையடக்க ஜி.பி.எஸ் கருவியில் பதிவு செய்து வைத்திருந்தேன். உழவின்போது அந்தக் கல் பெயர்ந்து காணாமல் போய்விட்டது. இப்போது அதே கருவியை எடுத்துக்கொண்டு போனால், அது பக்கத்து வயலுக்குள் 4 மீட்டர் தள்ளி இடம் காட்டுகிறது. பங்காளி என் நிலத்தைச் சேர்த்து உழுதுவிட்டார் என்றே தோன்றுகிறது. கருவி சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பரிசோதிப்பது?’’

- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

‘‘முதலில் பங்காளியோடு வாக்குவாதத்தை நிறுத்தி வையுங்கள். 4 மீட்டர் என்பது இந்த வகைக் கருவிக்குச் சாதாரணமான வித்தியாசம். அது கருவியின் பிழையா, கல் நகர்ந்ததா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லவே முடியாது. ஆனால், கருவியின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஓர் இடத்தில் கருவியை வைத்து, நிறைய அளவுகள் எடுத்து, சராசரி பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடம் எது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நம் ஊர் சர்வே கல்லுக்குப் புல வரைபடத்தில் கல்லுக்குக் கல் தூரம்தான் இருக்கும்; அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. பாலத்திலும் ரயில் நிலையத்திலும் இருக்கும் ‘பெஞ்ச் மார்க்’ கல் உயரத்துக்காக வைத்தது. அதன் உயரம் துல்லியமாக இருக்கும். இருப்பிடம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது, இந்திய நில அளவைத் துறை நிறுவிய ‘தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி’. அதன் விவரக் குறிப்பை அந்தத் துறையிடம் கட்டணம் கட்டி வாங்கலாம். அதற்குப் போவதற்கு முன், புள்ளி இருக்கும் வளாகத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண்கள் எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை. ஜி.பி.எஸ் கருவி WGS 84 என்ற அடிப்படையில் கணக்குப் போடுகிறது. பழைய இந்திய வரைபடங்களும் பழைய முக்கோண அளவைப் புள்ளிகளும் ‘எவரெஸ்ட்’ என்ற வேறு அடிப்படையில் இருக்கும். இரண்டையும் கலந்தால் தமிழ்நாட்டில் 200 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். கருவியில் Map Datum என்ற இடத்தில் WGS 84 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாகை, கலை, விகலையில் படித்தால் கணக்குக் குழப்பும். கருவியில் Position Format என்பதை UTM என்று மாற்றிக்கொண்டால் எண்கள் மீட்டரிலேயே வரும். புதுக்கோட்டை 44-வது மண்டலத்தில் வருகிறது. தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே இருக்கும் கோயம்புத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு 43-வது மண்டலம். குறிப்பில் இருக்கும் மண்டல எண்ணும் கருவி காட்டும் மண்டல எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அளவு எடுக்கும் நாளில் கருவியைப் புள்ளியின் மேலேயே, வானம் பார்க்கும்படி வையுங்கள். மேலே குனிந்து நிற்க வேண்டாம். பக்கத்தில் டிராக்டரையோ வண்டியையோ நிறுத்த வேண்டாம். சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பும் சிக்னல், கருவியை ஏமாற்றிவிடும். கருவியை இயக்கிக் கால் மணி நேரம் கழித்து, நிமிடத்துக்கு ஓர் அளவாக இரண்டு மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கருவியே பதிவு செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பத்து நிமிடம் பார்த்தும் எண் ஒரு மீட்டர்கூட மாறவில்லை என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். நாம் நகராமல் இருக்கிறோம் என்று கருவியே முடிவு செய்து, எண்ணை உறைய வைத்திருக்கும். அப்போது இருபது தப்படி நடந்து போய், திரும்பி வந்து வைத்து, மறுபடி பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு 120 அளவு வந்துவிட்டதே, இனி சராசரி துல்லியமாக இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. ஒரு நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் வானத்தில் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். சிக்னல் கடந்து வரும் வளிமண்டலமும் பெரிதாக மாறியிருக்காது. அதனால் பிழையும் மெதுவாகத்தான் நகரும். ஒரே பக்கம் சாய்ந்த தராசில் நூறு தடவை நிறுத்தாலும் எடை சரியாகாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆகவே வேறு வேளையில், வேறு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். அதே நேரத்துக்கு மறுநாள் போவதில் பயன் குறைவு. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை அதே அமைப்புக்கு வந்துவிடும். நேற்றைய பிழையில் ஒரு பகுதி இன்றும் அப்படியே வரும். இருட்டிய பிறகும் எடுக்க வேண்டாம். காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டுக்குப் பக்கமாகப் போவதால், மாலைக்குப் பின் இங்கே மேல் வளிமண்டலம் சிக்னலை அலைக்கழிக்கும்.’’

வாசகர் தன் கருவியை எடுத்துக்கொண்டு, அரசு வளாகம் ஒன்றில் இருந்த கட்டுப்பாட்டுப் புள்ளியில் மூன்று வேளை அளவெடுத்து அனுப்பினார். ஒவ்வொரு வேளைக்கும் சராசரி கண்டு, அதிலிருந்து புள்ளியின் உண்மையான எண்ணைக் கழித்தபோது கிடைத்தது இது:

முதல் நாள் காலை: கிழக்கே 1.8 மீட்டர், வடக்கே 0.9 மீட்டர்.
முதல் நாள் பிற்பகல்: மேற்கே 0.6 மீட்டர், வடக்கே 2.4 மீட்டர்.
நான்காம் நாள், மாலை 4 மணி முதல் 6 மணி வரை: கிழக்கே 0.6 மீட்டர், தெற்கே 1.2 மீட்டர்.

‘‘மூன்றையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். கிழக்கே 0.6, வடக்கே 0.7. அதாவது உண்மையான புள்ளியிலிருந்து 1 மீட்டருக்கும் குறைவான விலகல். மூன்று விலகல்களும் ஒரே திசையில் இல்லை. ஆகவே கருவியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரே பக்கமாக 5, 6 மீட்டர் தள்ளிக் காட்டியிருந்தால், குறிப்பில் உள்ள எண்ணையோ கருவியின் அமைப்பையோ சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

அதேநேரம், இரண்டு மணி நேரச் சராசரியே 1.3 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை விலகியிருப்பதைக் கவனியுங்கள். தனித்தனி அளவுகளைப் பார்த்தால், சில அளவுகள் புள்ளியிலிருந்து 5 மீட்டர் தள்ளிக்கூட இருக்கின்றன. திரையில் கருவி ‘3 மீட்டர் துல்லியம்’ என்று காட்டியதாக வாசகர் எழுதியிருக்கிறார். அது கருவி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். தெரிந்த புள்ளியில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை மதிப்பெண் தெரியும்.

இப்போது மூலைக்கல்லுக்கு வருவோம். இரண்டு வருடத்துக்கு முன் கல்லின் மேல் வைத்து ஒரே ஒரு முறை பதிவு செய்தார். அதில் 3 மீட்டர் பிழை இருந்திருக்கலாம். இப்போது தேடிப்போன போதும் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். அதிலும் 3 மீட்டர் இருக்கலாம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சாராதவை. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் சாதாரணமாக 4 மீட்டருக்கு மேல் வரும். கல் இம்மியும் நகராமல் இருந்திருந்தாலும் கருவி 4 மீட்டர் தள்ளிக் காட்டியிருக்கும். பங்காளி உழுதாரா இல்லையா என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது. இப்போது போய் நாள் முழுக்கச் சராசரி எடுத்தாலும் பயனில்லை. பழைய பதிவில் இருக்கும் பிழையை இனிமேல் சரிசெய்ய முடியாது.

கல்லைத் திரும்ப நட வேண்டும் என்றால், புல வரைபடத்தில் மற்ற கற்களிலிருந்து எழுதியிருக்கும் தூரத்தை வைத்து அளப்பதுதான் வழி. எல்லையை அளந்து காட்டச் சொல்லி ‘எஃப் லைன்’ மனு கொடுத்து, கட்டணம் கட்டினால், அரசு நில அளவர் வந்து அளப்பார். பங்காளியையும் அன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுதான் இருவருக்கும் செல்லும்.’’

கேள்வி: ‘‘அப்படியானால், கையடக்கக் கருவியை வைத்து நிலத்தின் பரப்பளவை அளப்பதும் வீண்தானா? வரப்பைச் சுற்றி நடந்தால் ஏக்கர் கணக்கு வந்துவிடுகிறதே?’’

- வாசகர், திருச்சி மாவட்டம்

‘‘வீண் இல்லை. ஆனால் எதற்கு என்று பார்க்க வேண்டும். நான்கு மூலையையும் கருவி ஒரே திசையில் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் பரப்பளவு மாறாது. நிலம் முழுவதும் நகர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அடுத்தடுத்து எடுக்கும் அளவுகளில் பிழை மெதுவாக நகர்வதால், ஒரே மூச்சில் சுற்றி வரும்போது இந்த நன்மை ஓரளவு கிடைக்கும். மூலைக்கு மூலை பிழை மாறினால்தான் கணக்குத் தவறும்.

ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 64 மீட்டர். குறுக்கே மூலைக்கு மூலை 90 மீட்டர். ஒவ்வொரு மூலையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒவ்வொரு திசையிலும் 2 மீட்டர் அளவுக்குத் தவறினால், பரப்பளவில் 180 சதுர மீட்டர், அதாவது சுமார் நாலரை சென்ட் முன்பின் ஆகும். விதைக்கும் உரத்துக்கும் கணக்குப் போட, டிராக்டர் உழவுக்கூலி பேச இது போதும். நிலத்தைச் சென்ட் கணக்கில் விலை பேசி வாங்கவோ விற்கவோ போதாது. நிலம் சிறியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 10 சென்ட் நிலத்தில் இதே பிழை ஒன்றரை சென்ட்டைத் தின்றுவிடும்.

உங்கள் கருவியின் கணக்கைச் சோதிக்க, காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை, வேறு நாளில் ஒருமுறை என்று அதே வரப்பைச் சுற்றிப் பாருங்கள். மூன்று விடைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம், கருவியை எந்த அளவு நம்பலாம் என்பதைச் சொல்லிவிடும். பிறகு பத்திரத்தில் உள்ள பரப்பளவோடு ஒப்பிடுங்கள். கைப்பேசியில் உள்ள செயலிக்கும் இதே சோதனைதான்.’’