தலையில் படியும் இரும்பு

புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்று தலசீமியா என்று சொன்னால், அது குருநாகல் பக்கத்து வருத்தம் என்றுதான் பலருக்கும் தோன்றும். நாட்டின் மிகப் பெரிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருப்பது உண்மை. ஆனால் இந்நோய் கூடுதலாகக் காணப்படும் அநுராதபுரம் மாவட்டம், வவுனியாவின் எல்லையிலேயே தொடங்குகிறது.

கடும் தலசீமியாவுடன் பிறந்த பிள்ளை மாதாமாதம் குருதி ஏற்றித்தான் உயிர் வாழ்கிறது. ஒரு பை குருதியில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 2 பை ஏற்றினால் வருடத்துக்கு 5 கிராம் அளவில் சேரும். ஆரோக்கியமான ஓர் ஆணின் உடலில் உள்ள மொத்த இரும்பே 4 கிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் வயிற்றுத் தோலில் சிறு ஊசி குத்தி, மருந்துப் பம்பைத் தலையணையருகே வைத்துக்கொண்டு எட்டுப் பத்து மணி நேரம் உறங்குகிறார்கள். இப்போது அதே வேலைக்குக் குளிசையும் உண்டு.

அந்த மருந்து தவறத் தவற இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. மூளையின் அடியில் பயறளவில் இருக்கும் கபச் சுரப்பியிலும் படிகிறது. விதைகளுக்கு ‘டெஸ்டோஸ்டிரோனைச் சுர’ என்று கட்டளையிடுவது அந்தச் சுரப்பிதான். கட்டளை நின்றால் 16 வயதிலும் குரல் உடையாது, மீசை அரும்பாது. வளர்ந்த பிறகு நின்றால் ஆசை குறையும், காலை விறைப்பு மறையும். வெட்கத்தில் வாய் திறக்காத இளைஞன் லேகியம் தேடிப் போகிறான். விதைகளில் பழுதில்லை, தலையில் இருந்து வரும் கட்டளையில்தான் பழுது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

கண்டுபிடிப்பது கடினமல்ல. காலை வேளையில், இரு வேறு நாட்களில் டெஸ்டோஸ்டிரோனை அளக்க வேண்டும். அது குறைந்திருந்தால், கபச் சுரப்பியின் கட்டளையைச் சுமந்து வரும் எல்.எச். ஹோர்மோனையும் பார்க்க வேண்டும். விதைகள் பழுதென்றால் எல்.எச். உயர்ந்து நிற்கும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கோளாறு கபச் சுரப்பியின் பக்கம். கூடவே பெரிட்டின் அளவு மிக உயர்ந்திருந்தால் இரும்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் காய்ச்சலும் குடியும் ஈரல் கொழுப்பும் பெரிட்டினை உயர்த்தும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆசையையும் பலத்தையும் மீட்டுத் தரும். ஆனால் அது விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். பிள்ளை வேண்டும் என்பவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தருவது விதைகளை நேரே தூண்டும் வேறு ஊசிகள்.

குருதியே ஏற்றாமல் இரும்பு சேரும் பரம்பரை நோய் ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் அரிது. நம்மவர் விறைப்புக் குறைக்குப் பெரும்பாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், புகை, மனச்சுமை ஆகியவையே காரணம். தலசீமியாவின் சாயலை மட்டும் சுமப்பவருக்கும் இந்தக் கோளாறு பொதுவாக வராது. ஆனால் அவரது சிவப்பணுக்கள் சிறிதாக இருப்பதைப் பார்த்து, இரும்புக் குறைவு என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு. ஆகவே ‘இரத்தம் காணாது’ என்று யார் சொன்னாலும், பெரிட்டின் பார்க்காமல் மாதக் கணக்கில் இரும்புக் குளிசை விழுங்காதீர்கள்.