‘தவிர்க்கவும்’ என்ற சொல் ஏன் கடைசியில் வருகிறது? ஹீட்டர் ராடு தாளை இப்படித் திருத்தி எழுதலாம்

மார்கழி வந்துவிட்டால் மீஞ்சூர் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வாசல்களில் வாட்டர் ஹீட்டர் ராடுகள் தொங்க ஆரம்பித்துவிடும். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் நாலரை மணிக்கே குளிக்க வேண்டும். வாடகை ரூமில் கீசர் கிடையாது. ஒரு பக்கெட், ஒரு ராடு, இருபது நிமிஷம். அவ்வளவுதான் வெந்நீர்.

அந்த ராடு வரும் அட்டைப்பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ் இருந்தால் அதிர்ஷ்டம். முதலில் வாங்கியதற்கு நன்றி, அடுத்து வாரன்டி விதிகள், அதற்குப் பிறகு பொடி எழுத்தில் பதினைந்து இருபது ‘பாதுகாப்பு வழிமுறைகள்’. உயிரை எடுக்கக்கூடிய விஷயமும், ‘ராடை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்’ என்பதும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும்.

இந்தத் தாளைத் திருத்தி எழுத வேண்டும் என்பதுதான் நம் வாதம். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

ராடு எப்படி ஆளைக் கொல்கிறது?

ராடுக்குள் ஒரு மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. சூடாவது அதுதான். அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி அடைக்கப்பட்டிருக்கும். பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு வெளியே உலோகக் குழாய். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், பொடி ஈரமாகும், மின்சாரம் குழாய்க்கும் பக்கெட் தண்ணீருக்கும் வந்துவிடும்.

மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் கசியும் மின்சாரத்தில் பெரும்பகுதி பூமிக்குப் போய்விடும். வாடகை ரூமில் எர்த் வேலை செய்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. எர்த் இல்லாத இடத்தில், ‘சூடாயிடுச்சா’ என்று விரலை விட்டுப் பார்ப்பவரின் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் பூமிக்குப் போகும்.

‘எம்.சி.பி. இருக்கே, அது விழுந்துடாதா?’ என்று பலர் நம்புகிறார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது வயர் எரியாமல் இருப்பதற்கானது. மனிதரைக் கொல்ல 0.03 ஆம்பியருக்குச் சற்று மேலே போனாலே போதும். எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. அந்த அளவு கசிவைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற வேறொரு கருவி.

மீஞ்சூருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதால் இங்கே நிலத்தடியில் கடல்நீர் புகுந்த கதை அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. உப்புத் தண்ணீரில் ராடு மேல் வெள்ளையாகப் படிவு கட்டும். சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். கடைசியில் அந்த ஊசிமுனை ஓட்டை. போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வேறு ஊரில் தாளின் பன்னிரண்டாவது வரியாக இருக்கும் ‘படிவை அகற்றவும்’ என்பது இந்த ஊரில் முதல் நாலு வரிக்குள் வர வேண்டியது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது

இந்த மாதிரித் தாள்களில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

‘சாதனம் மின் இணைப்பில் இருக்கும்பொழுது நீரின் வெப்பநிலையை அறியும் பொருட்டு நீரினுள் கையை வைப்பதைத் தவிர்க்கவும்.’

இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘செய்’ என்கிறார்களா, ‘செய்யாதே’ என்கிறார்களா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். மேலே உள்ள வரியில் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். ‘நீரினுள் கையை வை’ என்று சொல்லித் தருவது போலவே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் பாதி படிப்பவருக்கு, எதைச் செய்யக்கூடாதோ அதுதான் மனதில் நிற்கும்.

ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்பது முதலிலேயே வந்துவிடும். அந்த வாக்கியத்தை அப்படியே தமிழாக்கும்போது எச்சரிக்கை வாலுக்குப் போய்விடுகிறது. இன்னொரு விஷயம்: என்ன ஆகும் என்று அந்த வரியில் எங்கேயுமே இல்லை. ஷாக் என்ற சொல்லே கிடையாது. ‘தவிர்க்கவும்’ என்பதைக் கை சுட்டுவிடும் என்றுகூட ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

திருத்துவது எப்படி?

எச்சரிக்கை எழுதுவதற்கு உலக அளவில் ஒரு ஒழுங்கு ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவின் ‘ஆன்சி இசட் 535’ தரவரிசை மூன்று சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நிச்சயம் என்றால் ‘டேஞ்சர்’. நேரக்கூடும் என்றால் ‘வார்னிங்’. சின்னக் காயம் என்றால் ‘காஷன்’. பொருள் மட்டும் கெடும் என்றால் இந்த மூன்றில் எதுவும் வராது. தமிழில் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வரிக்கும் ‘அபாயம்’ போட்டால் எதுவுமே அபாயமாகத் தெரியாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு.

அந்தச் சொல்லுக்குப் பிறகு மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். என்ன ஆபத்து? என்ன ஆகும்? நான் என்ன செய்யணும்? தமிழில் வினை கடைசியில் வருவதை மாற்ற முடியாது. வாக்கியத்தைச் சின்னதாக்க முடியும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். ‘செய்யாதே’ என்பதற்குப் பதில், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்வது. மேலே பார்த்த வரி இப்படி ஆகும்:

‘அபாயம்: ஷாக் அடிக்கும், உயிர் போகும். ஸ்விட்சை அணைங்க. பிளக்கைப் பிடுங்குங்க. அதுக்கப்புறம்தான் தண்ணியைத் தொடுங்க.’

எங்கே படிப்பதை நிறுத்தினாலும் கையில் ஒரு நல்ல செயல் மிஞ்சும். இதுதான் சோதனை.

இதே முறையில் முழுத் தாளையும் எழுதினால், முதல் பக்கத்தில் நாலு விஷயம் மட்டும்தான் இருக்கும்:

1. தண்ணியைத் தொடும் முன்: ஸ்விட்சை அணைங்க. பிளக்கைப் பிடுங்குங்க.

2. கரண்ட் போனால்: உடனே பிளக்கைப் பிடுங்குங்க. நீங்க ராடை எடுக்கும்போது கரண்ட் திரும்ப வரலாம்.

3. போடும்போது: முதல்ல ராடு தண்ணியில, குறி வரைக்கும். பிறகுதான் ஸ்விட்ச். எடுக்கும்போது முதல்ல ஸ்விட்ச், அடுத்து பிளக். அரை நிமிஷம் கழிச்சு ராடு. தண்ணி இல்லாம ராடு எரிந்தால் குழாய் வெடிக்கும்.

4. வெள்ளைப் படிவு, புள்ளி அரிப்பு, கையில் சுருக்கென்ற உணர்வு, அடிக்கடி விழும் ஆர்.சி.சி.பி.: இதில் ஒன்று இருந்தாலும் ராடை நிறுத்துங்க. படிவு மட்டும்னா ராடு ஆறியபின் சுத்தம் பண்ணுங்க. மற்றதுக்கு வேற ராடு வாங்குங்க.

இரண்டாவது விஷயம் பெரும்பாலான தாள்களில் தனியாக இருப்பதே இல்லை. ‘பயன்படுத்தாதபோது இணைப்பைத் துண்டிக்கவும்’ என்ற பொதுவான வரிக்குள் அது ஒளிந்துகொள்கிறது. கரண்ட் போனதும் ‘ஆஃப் ஆயிடுச்சு’ என்று நினைப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஸ்விட்ச் இன்னும் ஆனில்தான் இருக்கிறது. வீட்டில் நடப்பதைப் பார்த்து எழுதினால்தான் இந்த வரி தாளுக்கு வரும்.

பின்பக்கத்தில், தனியாக, பெரிய எழுத்தில் இன்னொன்று: ‘யாருக்காவது ஷாக் அடித்தால்: மெயினை அணைங்க. அணைக்கும் வரை அவரைத் தொடாதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க.’ இங்கே ‘தொடாதீங்க’ முதலில் வராததற்குக் காரணம் இருக்கிறது. பதறி நிற்பவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தால்தான் அவர் கை பிடித்து இழுக்கப் போகாது.

வாட்ஸ் விவரம், சாக்கெட், வாரன்டி எல்லாம் அடுத்த பக்கம். அதிலும் ஒரு வரியை மேலே ஏற்றலாம். 1500 வாட்ஸ் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டால் சாக்கெட் சூடாகி உருகக்கூடும். ‘பெரிய சாக்கெட்டில் மட்டும் போடுங்க’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பிளக் செருகாத ராடையும் ஒரு பக்கெட் தண்ணீரையும் கொடுத்து, தாளை ஒரு நிமிஷம் படிக்க விட்டு, வாங்கிவிட வேண்டும். பிறகு, ‘தண்ணி சூடாயிடுச்சானு எப்படிப் பாப்பீங்க?’, ‘இப்ப கரண்ட் போயிடுச்சு, என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டு, கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கை பிளக்குக்குப் போகாமல் பக்கெட்டுக்குப் போனால் தப்பு தாளில்தான் இருக்கிறது. இந்தப் பட்டையில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்குபவர்களும் இதே ராடைத்தான் வாங்குகிறார்கள். முதல் இரண்டு விஷயத்துக்குப் படம் கட்டாயம்.

கம்பெனிகள் ஏன் செய்வதில்லை?

‘எல்லாத்தையும் எழுதிட்டோம்’ என்று காட்டினால் வழக்கில் தப்பிக்கலாம் என்ற எண்ணம்தான். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவு, சரியான பயன்பாட்டுக்குப் ‘போதுமான’ வழிமுறையோ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ தராவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. 87-வது பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கத் தேவையில்லை. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும்தான். கரண்ட் போன ராடும் ஆபத்து என்பது தெரியுமா? தாங்கிப் பிடிக்க வேண்டிய எச்சரிக்கை அதுதான்.

ராடுக்கு ஐ.எஸ். 368 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. முத்திரை ராடைச் சோதிக்கிறது. அதே கண்டிப்பு முதல் பக்கத் தாளுக்கும், விற்கும் மாநிலத்தின் மொழிக்கும் வேண்டும் என்று பி.ஐ.எஸ். சொல்ல வேண்டும். தாள் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும் என்பதால், முதல் இரண்டு வரியை பிளக் பக்கத்து வயரில் கழற்ற முடியாத அட்டையாகக் கட்ட வேண்டும். கை போகும் இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

நல்ல தாள் ஓட்டை விழுந்த ராடைச் சரிசெய்யாது. செத்த எர்த்துக்கு உயிர் கொடுக்காது. வீட்டு உரிமையாளர் ஆர்.சி.சி.பி. போடுவதுதான் முதல் காவல், தாள் கடைசிக் காவல். ஆனால் நாலரை மணி இருட்டில், கரண்ட் போன பக்கெட் முன்னால் தனியாக நிற்பவருக்கு அந்தக் கடைசிக் காவல் மட்டும்தான் இருக்கிறது. அது ‘பிளக்கைப் பிடுங்குங்க’ என்று ஆரம்பிக்கட்டும்.