"Final Final" பிள்ளைகளும் 94 போத்தல்களும்



போன வருசங்களில் ஒன்றில் நடந்த ஒரு விசயத்தை எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தோம். பாடசாலையின் பெயர், பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பிழை எங்களுடையதும்தான்.

உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுச் செயற்றிட்டம் செய்தார்கள். உல்லைக் கடற்கரையில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களை மூன்று கிழமை எண்ணி அட்டவணை போடுவது. முதல் சனிக்கிழமை 112, இரண்டாவது சனிக்கிழமை 128. மூன்றாவது சனிக்கிழமைக்கு அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தில் 150 என்று இருந்தது. முடிவுரையிலும் "கிழமைக்குக் கிழமை அதிகரிக்கிறது" என்று எழுதியிருந்தார்கள்.

வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்போது, மூன்றாம் கிழமை எத்தனை என்று கேட்டோம். எண்ணும் பொறுப்பில் இருந்த பிள்ளை யோசிக்காமல் "94 சேர்" என்றது. புத்தகத்தில் 150. இரண்டு தரம் கேட்டோம், இரண்டு தரமும் 94. களத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் பட்டது. அதைக் கொஞ்சம் கடுமையாகவே, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லியும் விட்டோம்.

"இல்ல சேர், நாங்க போன. நான்தான் எண்ணின" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதுவிட்டது.

அன்று இரவு மனசு கேட்கவில்லை. குழுவில் எல்லோரிடமும் உள்ள கோப்புகளை அனுப்பச் சொன்னோம். வந்தவை இவை:

```
Project Final.docx
Project Final (1).docx
Project Final Final.docx
Project final new.docx
Project Final PRINT.docx
```

ஐந்து கோப்பு. எது முதலாவது, எது கடைசி என்று பெயரைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? Final Final பெரிதா, new பெரிதா? (1) என்பது பிள்ளைகள் வைத்த பெயரே அல்ல. ஒரே பெயருள்ள கோப்பை இரண்டாம் தரம் இறக்கும்போது போனே போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. போனில் காட்டும் திகதியும் உதவவில்லை. வட்ஸ்அப்பில் வந்த கோப்புக்குப் பெரும்பாலும் இறக்கிய நேரம்தான் தெரியும், எழுதிய நேரம் தெரியாது. ஐந்துமே அன்றிரவு இறக்கியவை, ஐந்துக்கும் அன்றைய திகதி.

ஆனால் வேர்ட் கோப்பு தனக்குள்ளேயே ஒரு குறிப்பு வைத்திருக்கும். கொம்பியூட்டரில் திறந்து File, பிறகு Info என்று போனால் வலது பக்கத்தில் Last Modified, Last Modified By என்று இருக்கும். கோப்பை எத்தனை பேருக்கு அனுப்பினாலும் அது கூடவே போகும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதினோம். கதை அப்போதுதான் விளங்கியது.

பெப்ரவரி 24, சனிக்கிழமை. அன்று மழை, பிள்ளைகள் கடற்கரைக்குப் போகவில்லை. அட்டவணையில் இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று, இப்போதைக்கு 150 என்று போட்டு, முடிவுரையும் எழுதி Project Final என்று சேமித்தார்கள். மறுநாள் ஞாயிறு போய் உண்மையாகவே எண்ணினார்கள். 94. திங்கள் இரவு, எண்ணிய பிள்ளை அட்டவணையையும் முடிவுரையையும் திருத்தி Final Final என்று குழுவுக்கு அனுப்பியது.

இதற்கிடையில், ஞாயிறு அன்றே இன்னொரு பிள்ளை படங்களைச் சேர்த்துவிட்டான். எதில் சேர்த்தான்? அவனிடம் இருந்தது சனிக்கிழமைக் கோப்புத்தானே. அதில் சேர்த்து final new என்று வைத்தான். வியாழக்கிழமை கொமினிகேஷனுக்குப் போனவன், படம் உள்ளதுதான் முழுமையானது என்று நினைத்து அதைக் கொடுத்தான். கடைத் தம்பி ஓரங்களைச் சரிசெய்து PRINT என்று சேமித்து அடித்துக் கொடுத்தார். Last Modified By இல் கடைக் கொம்பியூட்டரின் பெயர்தான் இருந்தது.

கவனித்தீர்களா? அந்த ஐந்தில் ஒன்றுகூடச் சரியான கோப்பு இல்லை. ஒன்றில் சரியான எண் இருக்கிறது, படம் இல்லை. மற்றதில் படம் இருக்கிறது, எண் பிழை. "கடைசிக் கோப்பைத் தேடி எடுத்திருக்கலாமே" என்று எங்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கடைசி என்று ஒன்று இருக்கவேயில்லை. பாதை சனிக்கிழமையே இரண்டாகப் பிரிந்துவிட்டது, அது பிரிந்தது நான்கு பேருக்கும் தெரியவில்லை.

இரண்டையும் சேர்ப்பதற்கு வேர்டிலேயே வழி உண்டு. Review என்பதில் Compare என்று இருக்கிறது. இரண்டு கோப்பையும் கொடுத்தால் எங்கெங்கே வித்தியாசம் என்று நிறம் போட்டுக் காட்டும். எங்களுக்குக் காட்டியது கொஞ்சம்தான்: அட்டவணையில் ஒரு எண், முடிவுரையில் இரண்டு வசனம், படங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைப் புத்தகம் அடிக்க முதல் செலவழித்திருந்தால் ஒரு பிள்ளை அழுதிருக்காது. மறுநாள் வகுப்பில், எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னாலேயே திருப்பி எடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் "Final" என்ற சொல் தடை. பதிலுக்கு இப்படி வைக்கச் சொல்கிறோம்:

```
bottle-project/
  photos/
  01_2024-02-24/
  02_2024-02-26/
  03_2024-02-28/
  04_2024-02-29_print/
```

ஒவ்வொரு போல்டருக்குள்ளும் அறிக்கை, எண்ணிக்கை போட்ட எக்செல் தாள், note.txt என்ற சின்னக் குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். புதிதாக வேலை தொடங்குகிறவர் கடைசிப் போல்டரை அப்படியே கொப்பி பண்ணி, அடுத்த இலக்கம் போட்டு, அதில்தான் கை வைக்க வேண்டும். பழையதைத் தொடவே கூடாது, எழுத்துப் பிழை கண்டாலும் கூடாது. அதைப் புதியதில் திருத்தலாம்.

கோப்பை மட்டும் வைக்காமல் ஏன் முழுப் போல்டர் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அறிக்கையில் 94 என்று இருந்து, பக்கத்தில் கிடக்கும் எக்செல் தாளில் 150 என்று இருந்தால் எதை நம்புவது? அறிக்கையும் அது எழுந்த கணக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நாங்கள் கையால் எழுதுகிற மாதிரி நாளை முதலில் போட்டால், 02-04-2024 என்பது 23-03-2024 க்கு மேலே போய் நிற்கும். கொம்பியூட்டர் இடமிருந்து வலமாக எழுத்தைத்தான் பார்க்கும், அதற்கு ஏப்ரல், மார்ச் என்று தெரியாது. இலக்கத்தில் 1 என்று போடாமல் 01 என்று போடுவதும் இதற்குத்தான். விண்டோசில் 2 க்குப் பிறகு 10 வரும், ஆனால் வேறு சில இடங்களில் 10 முந்திக்கொள்ளும். திகதியோடு இலக்கமும் எதற்கு என்றால், ஒரே நாளில் இரண்டு தரம் மாற்ற நேரும்.

note.txt இல் கட்டுரை எழுதத் தேவையில்லை. இரண்டு வரி போதும்:

```
02  2024-02-26
week 3: 150 -> 94 (counted on 25th). conclusion changed.
```

இந்த ஒரு வரி அன்று எங்கள் மேசையில் இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பிள்ளையைச் சந்தேகித்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, கோப்பின் பெயரிலும் இலக்கம் இருக்க வேண்டும்: report_02.docx. கோப்பு வட்ஸ்அப்பில் போகும்போது போல்டரை விட்டுத் தனியாகத்தான் போகும், இலக்கம் அதன் முதுகில் இருந்தால்தான் தப்பும். அதோடு, வேர்டில் பக்கத்தின் அடியில் Insert, Quick Parts, Field என்று போய் FileName என்பதைச் சேர்த்துவிடச் சொல்கிறோம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கோப்பின் பெயர் தானாக அச்சாகும். பெயரை மாற்றிய பிறகு அதில் வைத்து F9 அழுத்திப் புதுப்பிக்க வேண்டும், இதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். கையில் உள்ள தாள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது கொம்பியூட்டரைத் திறக்காமலே தெரியும். கொமினிகேஷனில் முதல் பக்கம் வந்த உடனேயே "தம்பி, இது 03, எங்களுக்கு 04 வேணும்" என்று நிறுத்தலாம். காசும் மிச்சம்.

படங்களை ஒவ்வொரு போல்டரிலும் திரும்பத் திரும்ப வைக்க வேண்டாம். ஒரு படம் 3 எம்.பி. என்றால் 30 படம் 90 எம்.பி., ஏழு போல்டரில் 630 எம்.பி. ஆகிவிடும். அசல் படங்கள் photos என்பதில் ஒரு தரம் இருந்தால் போதும், அவை மாறுவதில்லையே.

இந்த முறை எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. இரண்டு பேர் ஒரே இரவில் 02 ஐக் கொப்பி பண்ணி ஆளுக்கொரு 03 செய்தால் பழைய கதைதான். அதனால் "முறை" வைத்திருக்கிறோம். எழுதப்போகிறவர் குழுவில் "03 என்னிடம்" என்று ஒரு செய்தி போட வேண்டும், முடித்த பிறகு அனுப்பிவிட்டு "03 முடிந்தது" என்று போட வேண்டும். அதற்கிடையில் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. நான்கு பேருக்கு இது சரிவரும், நாற்பது பேருக்கு வராது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டுத் தொண்டர்கள் பலர் சேர்ந்து சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். அப்படிப் பலர் ஒன்றாக எழுதும் வேலைக்குப் போல்டர் காணாது. மாற்றங்களை வரிவரியாகப் பதிந்து சேர்க்கும் தனி மென்பொருள்கள் அதற்கென்று இருக்கின்றன.

கூகிள் டொக்ஸ் பாவிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பாவிக்கலாம், நல்லது. அதில் Version history என்று இருக்கிறது, யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும், பெயரும் வைக்கலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் உம்மாவின் போனில், டேட்டா முடியும்வரை வேலை செய்பவர்கள். கடற்கரையில் பென்சிலால் எண்ணிய தாளும் அதற்குள் போகாது. வசதி உள்ளவர்கள் அதைச் செய்யட்டும், மற்றவர்கள் போல்டர் வைக்கட்டும்.

ஏழு போல்டர் இருந்தும் ஏழும் ஒரே பென்ட்ரைவில் இருந்தால், அது தொலைந்த அன்று ஏழும் போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் முழுதையும் இன்னொருவரின் பென்ட்ரைவுக்கும் கொப்பி பண்ணச் சொல்கிறோம்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செயற்றிட்டத்தை வாங்கும்போது புத்தகத்தோடு அந்தப் போல்டரையும் கேளுங்கள். 01 இல் என்ன இருந்தது, 04 இல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை எங்கே பிழைவிட்டது, எப்போது திருத்தியது என்று அதில் தெரியும். வீட்டில் காக்காவோ ராத்தாவோ ஒரே இரவில் செய்துகொடுத்த வேலை என்றால் 01 மட்டும்தான் இருக்கும், அதுவும் தெரியும்.

அந்தக் குழு புத்தகத்தைத் திரும்ப அடித்தது. மூன்றாம் கிழமை ஏன் குறைந்தது என்று புதிதாக அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை மழையில் கடல் ஏறி வந்து பழையதை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பக்கத்தின் அடியில் report_05.docx என்று இருந்தது.

பெற்றோர் யாருக்காவது இந்தப் போல்டர் முறை விளங்காவிட்டால் கொமண்டில் கேளுங்கள். பாடசாலை விட்ட பிறகு வந்தாலும் காட்டித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.