தொண்ணூற்றொன்பது சதவீதம் என்கிற பொய்

ஊரெங்கும் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விற்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரைக்கும் சரி, அதிலெல்லாம் எனக்குச் சண்டையில்லை. "பெண்களுக்கான ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று சொல்லி, அதற்குள் ஒரு புற்றுநோய்க் குறிப்பானையும் சேர்த்துத் தருகிறார்களே, அதில்தான் என் சண்டை. சிஏ 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சினைப்பைப் புற்றுநோயைக் காட்டும் என்பார்கள். 35 யூனிட்டுக்கு மேலே போனால் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்தச் சோதனையைச் செய்வது மருத்துவமே இல்லை, பயத்தை விற்கிற வியாபாரம் என்கிறேன். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1983-இல் ராபர்ட் பாஸ்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 888 பேரை அளந்ததில் ஒரு சதவீதத்தினர்தான் 35-ஐத் தாண்டினார்கள். சினைப்பைப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியான 101 பேரில் 82 சதவீதத்தினர் தாண்டினார்கள். அதாவது, நூறு ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்குப் பொய்யாக மணி அடிக்கும் என்பது இந்த எல்லைக்கோட்டிலேயே இருக்கிறது. இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அந்த ஆய்வின் நோக்கமும் வேறு. சிகிச்சையில் இருக்கிற நோயாளிக்கு நோய் குறைகிறதா, திரும்புகிறதா என்று தொடர்ந்து கவனிப்பதற்கான கருவி அது. அதற்கு இன்றைக்கும் நன்றாகவே பயன்படுகிறது.

இப்போது 99 சதவீதத்துக்கு வருவோம். ஆரோக்கியமானவர்களில் 99 பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்றதும் நம் மூளை சட்டென்று ஒரு தாவு தாவுகிறது: "அப்போ எனக்குப் பாசிட்டிவ் வந்தா, 99 சதவீதம் எனக்கு நோய் இருக்கு." இல்லைங்க. மழை பெய்தால் தெரு நனையும். அதற்காக, தெரு நனைந்திருந்தால் மழை பெய்தது என்று ஆகிவிடுமா? தண்ணி லாரி போயிருக்கலாம். மழையே அபூர்வமான ஊரில் தெரு நனைந்திருந்தால், பெரும்பாலும் லாரிதான் காரணம். நோய் இருந்தால் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு ஒன்று. பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு இன்னொன்று. இரண்டையும் இணைக்கிற பாலம் அந்த ஊரில் மழை எவ்வளவு அடிக்கடி பெய்கிறது என்பது. அதற்குப் பெயர் அடிப்படை வீதம். பேக்கேஜ் விளம்பரத்தில் ஒருபோதும் அச்சாகாத எண் அது.

அதைப் போட்டுப் பார்ப்போம். மாதவிடாய் நின்ற பெண்களில் சினைப்பைப் புற்றுநோய்க்கு, அமெரிக்க விவாதங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண் 2500-இல் ஒருவர். அப்படியானால் 10,000 பெண்களில் 4 பேருக்கு நோய். 82 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அவர்களில் 3 பேரைப் பிடிக்கும். மிச்சம் 9,996 பேர் ஆரோக்கியமானவர்கள். அவர்களில் ஒரு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 100 பேர். ஆக, சிவப்பு எழுத்து வாங்கியவர்கள் மொத்தம் 103 பேர். நோய் இருப்பது 3 பேருக்கு. நூற்றுக்கு மூன்று! மீதி 97 பேர் தண்ணி லாரி.

இதுவும் தாராளமான கணக்குதான். ஆரம்ப நிலை நோயில் இந்தக் குறிப்பான் 82 சதவீதம் பிடிப்பதில்லை, பாதியளவுக்குத்தான். இளம்பெண்களுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். நோய் மிக அபூர்வம், ஆனால் மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக் கட்டி எல்லாமே சிஏ 125-ஐ ஏற்றிவிடும். வயிற்றுக் காசநோயும் ஏற்றும். நம் நாட்டில் அது ஒன்றும் அபூர்வமில்லை.

என் பெரியம்மாவுக்கு 41 வந்தது. அண்ணன் கம்பெனி இன்ஷூரன்ஸோடு கிடைத்த இலவச செக்கப். "தம்பி, இங்கிலீஷ்ல என்னவோ சிவப்பா போட்டிருக்குடா, எத்தனை நாளுடா எனக்கு?" என்று போனில் கேட்டார். ஸ்கேன், மறுபடி ரத்தம், இன்னொரு ஸ்கேன் என்று மூன்று வாரம் ஓடியது. ஒன்றும் இல்லை. அந்த மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. லேப் தரப்பில் ஒருவர்கூட "நூற்றுக்கு மூன்று" என்கிற அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

"சரி, திரும்ப ஒரு தடவை டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடுமே?" என்பார்கள். என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்கள் இதை இன்னும் வேகமாகச் சொல்வார்கள், ஏனென்றால் ரீட்ரை நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் ரீட்ரை எப்போது உதவும்? பிழை தற்செயலாக வந்திருந்தால். கோடிலேயே பக் இருந்தால் நூறு தடவை ஓட்டினாலும் அதே பிழைதான் வரும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கு அடுத்த மாதமும் சிஏ 125 ஏறித்தான் இருக்கும். காரணம் அவர் உடம்பிலேயே இருக்கிறது. அது புற்றுநோய் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. "நூறு பேர் பயந்தால் என்ன, மூணு உயிர் பிழைக்குதே?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுள்ள 78,216 பெண்களை வைத்து பி.எல்.சி.ஓ. என்ற ஆய்வை நடத்தினார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருடாவருடம் சிஏ 125, கூடவே ஸ்கேன். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2011-இல் முடிவு வந்தது. சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் சோதனை செய்த பக்கம் 118, செய்யாத பக்கம் 100. ஒரு உயிரும் மிச்சமானதாகக் காட்ட முடியவில்லை. இந்த 18 வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான், ஆகவே சோதனை கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் பாருங்கள்: 3,285 பெண்களுக்குப் பொய் எச்சரிக்கை. அவர்களில் 1,080 பேருக்கு அறுவைச் சிகிச்சை. அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. புற்றுநோயே இல்லாத பெண்கள் இவர்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வும் 2021-இல் அதையேதான் சொன்னது: இறப்பு குறையவில்லை. பயம் மட்டும்தான் செலவு என்பவர்கள் அந்த 163 பேரிடம் பேச வேண்டும்.

சோதனையே கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதே சிஏ 125-ஐ வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, ஸ்கேனில் கட்டி தெரிகிறது. இப்படிப்பட்ட 100 பேரில் 20 பேருக்குப் புற்றுநோய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சோதனை 16 பேரைப் பிடிக்கும். சாதாரணக் கட்டிகளும் குறிப்பானை ஏற்றும் என்பதால் பொய் எச்சரிக்கையை ஒன்றிலிருந்து பத்து சதவீதமாகவே உயர்த்துவோம். 80 பேரில் 8 பேர். இப்போது 24 பாசிட்டிவில் 16 நிஜம், மூன்றில் இரண்டு! அதே ரத்தம், அதே மெஷின். சோதனைக்கு முன்னால் ஒரு மருத்துவர் கேட்ட கேள்விகள்தான் வித்தியாசம். அதனால் வாரக்கணக்கில் வயிற்று உப்புசம், வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது என்று இருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். அது வேறு அடிப்படை வீதம், வேறு கணக்கு. அந்த நிலையில் பேக்கேஜில் வந்த "நார்மல்" ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் உட்காருவதும் ஆபத்துதான்.

பேக்கேஜ் விற்பவர்களிடம் கேட்கிறேன். சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில், "உங்களைப் போன்ற, தொந்தரவில்லாத நூறு பெண்களுக்கு இந்த முடிவு வந்தால், மூன்று பேருக்கு நோய் இருக்கலாம்" என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க முடியுமா? மை செலவு பத்து பைசா ஆகாது. அடிக்க மாட்டீர்கள். ஏனென்றால் அந்த வரியைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே படித்துவிட்டால் யாரும் இந்தச் சோதனையை வாங்க மாட்டார்கள்.