பூர்வீக வீட்டை விற்றால் வரி யார் கணக்கில்?

அம்பத்தூரில் தாத்தா தன் சம்பளத்தில் வாங்கிய வீடு. அவர் உயில் எழுதாமல் 1994-ல் காலமானார். பாட்டியும் பிறகு போய்ச் சேர்ந்தார். மூன்று மகன்கள், ஒரு மகள். 2024 செப்டம்பரில் வீட்டை 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் பத்திரத்தில் 'கூட்டுக் குடும்பச் சொத்து' என்று எழுதி, மூத்தவரின் பான் எண்ணை மட்டும் கொடுத்தார்கள். வாங்கியவர் பிடித்த ஒரு சதவீத வரியும் அதே எண்ணில் கட்டப்பட்டது. பணத்தை நாலு பங்காகப் பிரித்துக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பிறகு மூத்தவருக்கு நோட்டீஸ் வந்தது: 'ஒரு கோடியே இருபது லட்சம் எங்கே?'

உடனே கூட்டுக் குடும்பத்தின் பெயரில் புது பான் வாங்கிக் கணக்குக் காட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அவசரம் வேண்டாம். பத்திரத்தில் அப்படி எழுதியதாலேயே அது கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிடாது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் பிள்ளைகளுக்கு வந்தால், அது அவரவர் தனிச் சொத்து. கருப்பன் செட்டியார் வழக்கில் 1978-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன இந்தக் கருத்தை, சந்தர் சென் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆகவே இங்கே நால்வரும் தங்கள் தங்கள் ரிட்டர்னில் கால் பங்கைக் காட்ட வேண்டும்.

2001 ஏப்ரல் 1-ல் வீட்டின் மதிப்பு 8 லட்சம் என்றால், லாபம் 1 கோடியே 12 லட்சம். தலைக்கு 28 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி மூன்றரை லட்சம், செஸ் தனி. விற்ற ஆறு மாதத்துக்குள் அந்த 28 லட்சத்தை அரசு அனுமதித்த மூலதன ஆதாயப் பத்திரங்களில் போட்டிருந்தால் அந்த வரியே இல்லை. இந்தப் பத்திரத்தில் ஒருவருக்கு உச்சவரம்பு 50 லட்சம். நால்வர் தனித்தனியாகப் போட்டால் முழு லாபமும் தப்பும். ஒரே கணக்கென்றால் 62 லட்சத்துக்கு வரி விழும். கெடு தாண்டிய பிறகு இதற்கு வழியில்லை என்பதுதான் வருத்தம்.

இதே வீடு தாத்தாவுக்கு அவருடைய அப்பா வழியில் 1956-க்கு முன்பே வந்த பூர்வீகச் சொத்தாக இருந்து, பாகப்பிரிவினையும் ஆகாமல் இருந்தால் கதை வேறு. அப்போது குடும்பத்துக்கென்று தனி பான், தனி ரிட்டர்ன். கையெழுத்திடுவது குடும்பத் தலைவர். வரி கட்டியபின் உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரும் பணத்துக்கு மறுபடி வரி கிடையாது. அந்தக் குடும்பம் ஏற்கெனவே கூட்டுக் குடும்பமாக வரி கட்டி வந்திருந்தால், பாகம் பிரிந்ததை வருமான வரித் துறை ஏற்று உத்தரவிடும்வரை அப்படியேதான் தொடரும்.

நோட்டீஸுக்கு, அதில் சொன்ன தேதிக்குள் மூத்தவர் பதில் தர வேண்டும். மூலப்பத்திரம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விற்பனைப் பத்திரம், பணம் நால்வர் கணக்குக்கும் போன வங்கி விவரம் ஆகியவற்றை இணைக்கலாம். மூலப்பத்திரம்தான் முக்கியம், வீடு யார் காசில் வந்தது என்று சொல்வது அதுதான். ஏஐஎஸ் பக்கத்தில் தன் பங்கு போக மீதித் தொகைக்கு 'Information relates to other PAN/Year' என்று பதிவு செய்யலாம். ஆனால் மற்ற மூவரும் தங்கள் பங்கை ரிட்டர்னில் காட்டாமல் இருந்தால் இந்தப் பதில் பாதிதான் நிற்கும். கெடு தாண்டியிருந்தால் அவர்கள் கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். கல்யாணமாகிப் போன தங்கையும் சேர்த்துத்தான்.